3.55, 3.40: எஃப்டி துண்டறிக்கையில் நாலு மடங்கு பட்டை

ஆயர்ஈத்தாம் பையன் · 4 நவம்பர் 2025, இரவு 9.10

அப்பாவின் எஃப்டி இந்த மாதம் முதிர்கிறது. இன்னொரு வங்கியின் துண்டறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர், "இங்க மாத்திடலாம்டா, பாரு, எவ்வளவு அதிகம்" என்கிறார். படத்தில் மூன்று பட்டைகள். முதல் இரண்டும் சாம்பல் நிறம், மேலே "மற்ற வங்கிகள்" என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. ஒன்றில் 3.40 விழுக்காடு, அடுத்ததில் 3.45. மூன்றாவது பட்டை அவர்களுடையது, பளிச்சென்று ஆரஞ்சு நிறம், 3.55. உயரத்தைப் பார்த்தால் முதல் பட்டை இதன் முழங்காலுக்குக்கூட வராது.

50,000 வெள்ளி போட்டால் 12 மாதத்துக்கு 3.40இல் 1,700 வெள்ளி, 3.55இல் 1,775 வெள்ளி. ஒரு வருடத்துக்கு 75 வெள்ளி வித்தியாசம். அதையும் சொல்லிவிட்டேன். "சரி, ஆனா இது பெருசுதானே" என்று பட்டை மேல் விரலை வைக்கிறார்.

எண்கள் ஒன்றும் பொய்யில்லை, பட்டை மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில் அளவு காட்டும் செங்குத்து அச்சு மட்டும் இல்லை. இதை ஏமாற்று என்று சொல்லலாமா, இல்லை விளம்பரம் என்றாலே இப்படித்தானா?

பட்டர்வொர்த் மாமா · 4 நவம்பர், இரவு 9.31

எந்த வங்கி தம்பி? 3.55 இப்போதைக்கு நல்ல விகிதம். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு? புதுப் பணம்தான் வேண்டும் என்கிறார்களா?

ஆயர்ஈத்தாம் பையன் · 4 நவம்பர், இரவு 9.34

மாமா, கேள்வி வட்டியைப் பற்றி இல்லை, படத்தைப் பற்றி.

பட்டர்வொர்த் மாமா · 4 நவம்பர், இரவு 9.36

படம் கிடக்கட்டும், வங்கிப் பெயரைத் தனிச்செய்தியில் போடுங்கள்.

செந்தூல் வாத்தியார் · 4 நவம்பர், இரவு 10.20

நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். குறிவரைவு எதுவாக இருந்தாலும் சுழியத்தில் தொடங்க வேண்டும். பட்டையோ கோடோ, எதற்கும் விலக்கு கிடையாது. இடமில்லை என்றால் அச்சின் அடியில் ஒரு நெளிவுக்கோடு போட்டுவிட்டு மேலே போகலாம், அதுதான் முறை. இந்த வங்கி அந்த நெளிவையும் போடவில்லை என்றால் அது மோசடிதான். பையன்கள் இப்படி வரைந்தால் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

பாயான் லெப்பாஸ் · 5 நவம்பர், காலை 7.05

ஷிஃப்ட் முடிந்து பசியாறிக்கொண்டே எழுதுகிறேன். தம்பி, ஒரு ஸ்கேல் எடுத்து மூன்று பட்டையின் உயரத்தையும் அளந்து போடுங்கள். அச்சை மறைத்தாலும் அது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆயர்ஈத்தாம் பையன் · 5 நவம்பர், மாலை 6.40

அளந்தேன். 1.2 செ.மீ., 2.4 செ.மீ., 4.8 செ.மீ.

பாயான் லெப்பாஸ் · 5 நவம்பர், மாலை 7.15

நல்லது, கணக்குக்கு வாகாக விழுந்திருக்கிறது. முதல் பட்டைக்கும் மூன்றாவதுக்கும் உயர வித்தியாசம் 3.6 செ.மீ. வட்டி வித்தியாசம் 0.15. அப்படியென்றால் ஒவ்வொரு 1.2 செ.மீ.யும் 0.05 விழுக்காட்டைக் குறிக்கிறது. முதல் பட்டையே 1.2 செ.மீ.தான், அதனால் அதன் அடியிலிருந்து உச்சி வரை இருப்பது வெறும் 0.05. 3.40இல் 0.05ஐக் கழித்தால் 3.35. உங்கள் துண்டறிக்கையின் தரை அதுதான். v என்பது வட்டி, h என்பது பட்டையின் உயரம்:

```
தரை = v1 − h1 × (v3 − v1) / (h3 − h1)
    = 3.40 − 1.2 × 0.15 / 3.6
    = 3.35
```

நடுப் பட்டையை வைத்துச் சரிபார்க்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். 3.45 என்றால் தரையிலிருந்து 0.10, அதாவது 2.4 செ.மீ. நீங்கள் அளந்ததும் அதேதான். ஆக இது நிஜமான அளவுகோலில் வரைந்த படம், அடிப்பாகத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். நடுப் பட்டை பொருந்தாமல் போயிருந்தால் அளவுகோலே இல்லாமல் கண்ணுக்கு அழகாக இழுத்து வைத்த படம் என்று அர்த்தம். அதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அப்பாவுக்குக் காட்ட ஒரு விஷயம். இதே அளவில், 0.05க்கு 1.2 செ.மீ. என்று சுழியத்திலிருந்து வரைந்தால் ஆரஞ்சுப் பட்டை எவ்வளவு உயரம் வரும்? 85 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. சாம்பல் பட்டை 81.6. மேசையைவிட உயரமான இரண்டு பட்டைகள், உச்சியில் மட்டும் 3.6 செ.மீ. ஏற்ற இறக்கம். திருப்பிப் போட்டால், ஆரஞ்சுப் பட்டையை 4.8 செ.மீ.யிலேயே வைத்துச் சுழியத்திலிருந்து வரைந்தால் சாம்பல் பட்டை 4.6 செ.மீ. வரும். 2 மில்லிமீட்டர் வித்தியாசம். விளம்பரத்துக்கு ஆகாது.

கறிமீ சம்பால் · 5 நவம்பர், மாலை 7.22

85 செ.மீ. துண்டறிக்கையைச் சுருட்டிக் குடையாகப் பிடிக்கலாம். பினாங்கு நவம்பர் மழைக்கு ஆகும்.

நிறக்கோல் · 5 நவம்பர், இரவு 11.48

கோலாலம்பூரில் அச்சக வேலை, இந்த மாதிரி துண்டறிக்கைகள் நிறையச் செய்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

வாடிக்கையாளர் எங்களிடம் எக்செல் கோப்பைத்தான் அனுப்புவார். அந்தக் கோப்பிலேயே பட்டை பெரும்பாலும் சுழியத்தில் தொடங்குவதில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, எக்செல் தானாகவே அப்படி வரைகிறது. மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தால் அது சுழியத்தை விட்டுவிட்டு மேலே எங்கேயாவது தொடங்கும். வித்தியாசம் அதைவிட அதிகமாக இருந்தால் சுழியத்திலிருந்து வரையும். அதாவது, வித்தியாசம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு உறுதியாக அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

இந்த மூன்று எண்களையும் இப்போது போட்டுப் பார்த்தேன். என் கணினியில் 3.30இல் தொடங்கியது. அப்போது பட்டைகள் 0.10, 0.15, 0.25, ஆரஞ்சு இரண்டரை மடங்கு. உங்கள் துண்டறிக்கையில் 3.35. ஆக, எக்செல் வெட்டியது போதாது என்று யாரோ கையாலும் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். "நம்ம பட்டை இன்னும் கொஞ்சம் நல்லா தெரியட்டும்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்தை நான் வாரம் ஒருமுறை கேட்கிறேன்.

இன்னொன்று. வங்கியில் சட்டப்பிரிவு துண்டறிக்கையைப் பார்க்காமல் அச்சுக்கு விடாது. ஆனால் அவர்கள் பார்ப்பது எண்களையும் அடிக்குறிப்பையும். பட்டையை ஸ்கேல் வைத்து அளந்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எண் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஆயர்ஈத்தாம் பையன் · 6 நவம்பர், காலை 8.02

அப்போ என் ஆபீஸ் அறிக்கையும் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறதா? எப்படி மாற்றுவது?

நிறக்கோல் · 6 நவம்பர், காலை 8.30

அச்சின் மேல் வலது சொடுக்கு, `Format Axis`, அதில் `Minimum` என்ற பெட்டியில் 0 என்று அடியுங்கள். நீங்களாக அடித்தால் அது அப்படியே நிற்கும். `Auto` என்று விட்டுவைத்தால் அடுத்த மாத எண்ணைப் பொறுத்து அச்சு மறுபடி நகரும்.

பாயான் லெப்பாஸ் · 6 நவம்பர், மாலை 7.40

நிறக்கோல் கடைசியில் சொன்னது பெரிய தலைவலி. எங்கள் தொழிற்சாலையில் மாதாமாதம் ஒரு பட்டைப் படம் போகும். எல்லா மாதமும் நல்ல மாதம் என்றால் எண்கள் நெருக்கமாக இருக்கும், அச்சு மேலே ஏறிக்கொள்ளும், பட்டைகள் மலையும் பள்ளமுமாகத் தெரியும். ஒரு மாதம் ஒரு இயந்திரம் படுத்துவிட்டது என்று வையுங்கள். அந்த ஒரு எண் கீழே போனதும் வித்தியாசம் ஆறில் ஒரு பங்கைத் தாண்டிவிடும், அச்சு சுழியத்துக்கு இறங்கிவிடும், மற்ற மாதங்கள் எல்லாம் ஒரே உயரமாகிவிடும். போன மாதம் "ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கம்" என்று கத்தியவர்கள் இந்த மாதம் "பரவாயில்லை, ஒரு மாதம்தான் சரிவு, மற்றதெல்லாம் சீர்" என்பார்கள். பழைய எண்களில் ஒன்றுகூட மாறவில்லை.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பட்டை சுழியத்தில் தொடங்க வேண்டும் என்பது சரி. எல்லாக் குறிவரைவும் என்று சொன்னீர்களே, அது சரியில்லை. பட்டையைப் பார்க்கும்போது கண் அதன் நீளத்தை எடைபோடுகிறது. நீளம் என்றால் அடி முதல் உச்சி வரை. அடியை வெட்டிவிட்டால் நீளம் எதையும் குறிப்பதில்லை. சுவருக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு நெற்றி மட்டும் தெரிகிறது, இன்னொருவருக்குக் கழுத்து வரை தெரிகிறது என்றால், இவர் அவரைவிட மூன்று மடங்கு உயரம் என்று யாராவது சொல்வார்களா? கோட்டுப் படத்தில், புள்ளி வைத்த படத்தில் அப்படி இல்லை. அங்கே கண் பார்ப்பது புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு பேர் 1984இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரே அளவுகோலில் இடத்தை ஒப்பிடுவதில் மனிதக் கண் கெட்டி, வெறும் நீளத்தை ஒப்பிடுவதில் கொஞ்சம் பின்தங்கும், கோணம், பரப்பு என்று போகப்போக இன்னும் மோசம்.

சுழியத்தைக் கட்டாயமாக்கினால் அதிலும் ஏமாற்றலாம் ஐயா. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் நேஷனல் ரிவியூ என்கிற பத்திரிகை உலகச் சராசரி வெப்பநிலையைக் கோட்டுப் படமாக ட்விட்டரில் போட்டது. அச்சு மைனஸில் தொடங்கி 110 ஃபாரன்ஹீட் வரை. 1880 முதல் அன்றுவரை கோடு நேராகப் படுத்துக்கிடந்தது. சுழியம் உள்ளே இருந்தது. நியாயம்தான் இல்லை.

செந்தூல் வாத்தியார் · 6 நவம்பர், இரவு 9.55

வெப்பநிலைக்கு ஒப்புக்கொள்கிறேன், ஃபாரன்ஹீட்டில் சுழியம் என்பதே யாரோ வைத்த இடம். ஆனால் கோட்டை வெட்டினால் ஏமாற மாட்டார்கள் என்று சொல்கிறீர்களே, அதை நம்ப முடியவில்லை. பங்குச் சந்தைக் கோட்டை ஒரு நாளுக்கு மட்டும் வெட்டிக் காட்டினால் செங்குத்தாக விழுகிறது. என் மைத்துனர் அதைப் பார்த்துத்தான் விற்றார்.

நெளிவுக்கோட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸ் · 7 நவம்பர், காலை 6.50

கோட்டு விஷயத்தில் உங்கள் பக்கமும் ஆதாரம் இருக்கிறது ஐயா. கோரெல், பெர்டினி, ஃபிராங்கொனெரி மூவரும் 2020இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அச்சை வெட்டினால் மாற்றம் பெரிதாகத் தோன்றுவது பட்டையில் மட்டுமில்லை, கோட்டிலும் நடக்கிறது என்று அதில் வந்தது. ஆக, கோடு என்றால் வெட்டிக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கோட்டில் சுழியம் இல்லாததற்குக் காரணம் இருக்கலாம், பட்டையில் இருக்கவே முடியாது என்பதுதான் நான் நிற்கிற இடம்.

ஆனால் அதே ஆய்வு உங்கள் நெளிவுக்கோட்டையும் விடவில்லை. அச்சு உடைந்திருக்கிறது என்று படத்திலேயே குறி போட்டுக் காட்டினாலும் பார்ப்பவர்கள் வித்தியாசத்தைப் பெரிதாகத்தான் எடைபோட்டார்கள். 2021இல் வேறொரு குழு, இப்படி ஒரு தந்திரம் இருக்கிறது என்று முன்கூட்டியே விளக்கிவிட்டுப் படத்தைக் காட்டியது. விளைவு குறைந்ததே தவிர, போகவில்லை.

தம்பியின் அப்பா 75 வெள்ளி என்று கேட்ட பிறகும் "ஆனா இது பெருசுதானே" என்றாரே, அது பிடிவாதம் இல்லை. கண் முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது, எண் பிறகு வந்து வாதாடுகிறது.

ஆயர்ஈத்தாம் பையன் · 7 நவம்பர், மதியம் 1.15

அம்மாவும் இதே கட்சி. பட்டைகளின் அடியில் தாளை ஒட்டிக் கீழே நீட்டிக் காட்டலாமா என்று யோசிக்கிறேன்.

கறிமீ சம்பால் · 7 நவம்பர், மதியம் 1.20

நீட்டுங்கள். மேசைக்கு அடியில் போய் ஆரம்பிக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா · 7 நவம்பர், இரவு 10.05

இதைப் படித்ததும் என் கைப்பேசிச் செயலியை எடுத்துப் பார்த்தேன். சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரத்தப் பரிசோதனையை அதில் பதிந்து வைக்கிறேன். போன முறை 7.4, இந்த முறை 6.8. செயலி இரண்டையும் பட்டையாகத்தான் காட்டுகிறது, தொடக்கம் 6.5. பழைய பட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் புதுப் பட்டை! என் மகள் "அம்மா, சுகர் மூணுல ஒரு பங்காயிடுச்சு" என்று கத்தினாள். நானும் அன்றைக்கு ஒரு தட்டு மீ கோரேங் சாப்பிட்டேன், அது வேறு கதை.

இப்போது என் சந்தேகம். சுழியத்திலிருந்து வரைந்தால் 7.4க்கும் 6.8க்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் டாக்டர் இதை நல்ல இறக்கம் என்று சொன்னார். எந்தப் படம் பொய் சொல்கிறது?

பாயான் லெப்பாஸ் · 8 நவம்பர், காலை 7.30

இரண்டுமே உங்களுக்கு உதவாது அக்கா. அந்த அளவு சுழியத்துக்கு வந்த மனிதர் யாரும் இல்லை, அதனால் சுழியத்திலிருந்து வருகிற நீளத்துக்கு உடம்பில் அர்த்தம் இல்லை. 6.5இலிருந்து வருகிற நீளத்துக்கு அதைவிடக் குறைந்த அர்த்தம். உங்களுக்கு வேண்டியது இரண்டு புள்ளியும், டாக்டர் சொன்ன இலக்குக்கு ஒரு குறுக்குக் கோடும். முந்தைய புள்ளி கோட்டுக்கு மேலே, இப்போதைய புள்ளி கீழே என்று தெரிந்தால் போதும். பட்டையை அங்கே யார் போடச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா · 8 நவம்பர், காலை 9.12

இலக்கு 7. அப்போ கீழேதான் இருக்கிறேன். மீ கோரேங் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் மாமா · 8 நவம்பர், மாலை 5.20

எல்லாரும் 0.15ஐக் கேலி செய்கிறீர்கள். படம் பற்றி எனக்குத் தெரியாது, பணம் பற்றித் தெரியும். எஃப்டியில் 50,000 வெள்ளிக்கு ஒரு வருடம் 75 வெள்ளி, சரி, ஒரு குடும்பம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் போய்விடும். அதே 0.15ஐ வீட்டுக்கடனில் வையுங்கள். 400,000 வெள்ளி, 30 வருடம். 4.00 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறக்குறைய 1,910 வெள்ளி. 4.15இல் 1,944 வெள்ளி சொச்சம். மாதம் 35 வெள்ளிக்குப் பக்கம். 30 வருடத்துக்குக் கூட்டினால் 12,500 வெள்ளி. என் மகன் வீடு வாங்கும்போது இந்தக் கணக்கைக் காட்டித்தான் வேறு வங்கிக்குப் போக வைத்தேன்.

அதனால் வித்தியாசம் சின்னது, பட்டை பெரிதாக்குகிறது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சின்னதா பெரிதா என்று விழுக்காடு சொல்லாது.

ஆயர்ஈத்தாம் பையன் · 8 நவம்பர், மாலை 6.02

மாமா சொல்வது உறைக்கிறது. அப்படியென்றால் விழுக்காட்டை விட்டுவிட்டு வெள்ளியில் பட்டை போட்டால்? 1,700, 1,725, 1,775.

பாயான் லெப்பாஸ் · 8 நவம்பர், இரவு 8.10

விகிதம் மாறாது தம்பி. வட்டி 4.4 விழுக்காடு அதிகம் என்றால் வெள்ளியும் 4.4 விழுக்காடுதான் அதிகம். சுழியத்திலிருந்து போட்டால் மறுபடி அதே சமமான பட்டைகள். 1,675இல் தொடங்கினால் மறுபடி அதே நாலு மடங்கு. சட்டை மாறியது, ஆள் அதே ஆள்.

நான் வேறு மாதிரி செய்வேன். அப்பாவுக்கு வேண்டிய கேள்வி "மாற்றினால் எவ்வளவு கூடக் கிடைக்கும்" என்பது. அதையே வரையுங்கள். 3.40ஐவிடக் கூடுதலாக வருகிற வெள்ளி: முதல் வங்கிக்கு 0, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 75. அச்சு சுழியத்தில் தொடங்குகிறது, அச்சில் வெள்ளி என்று எழுதியிருக்கிறது. 75 என்பது 25ஐவிட மூன்று மடங்கு, பட்டையும் மூன்று மடங்கு. கண்ணும் எண்ணும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

செந்தூல் வாத்தியார் · 8 நவம்பர், இரவு 9.40

அடடா. 3.40இல் வெட்டிவிட்டு வெட்டிய இடத்துக்குச் சுழியம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள். வங்கிக்காரன் 3.35இல் வெட்டினான், நீங்கள் 3.40இல் வெட்டுகிறீர்கள். நீங்கள்தான் அதிகம் வெட்டியவர்.

நிறக்கோல் · 8 நவம்பர், இரவு 9.58

வாத்தியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. "கூடுதல் வருமானம்" என்று தலைப்பைப் போட்டு 0, 25, 75 என்று கொண்டுவந்தால் என் வாடிக்கையாளர் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். மூன்றாவது அச்சகத்தில் அந்தத் தலைப்பில் "கூடுதல்" காணாமல் போய்விடும்.

பாயான் லெப்பாஸ் · 9 நவம்பர், காலை 7.20

வித்தியாசம் இருக்கிறது ஐயா. அவர்கள் வெட்டிய 3.35 யாருடைய எண்ணும் இல்லை, எந்த வங்கியும் அதைத் தரவில்லை. பட்டை எடுப்பாகத் தெரிகிற இடத்தில் வெட்டினார்கள். நான் எடுத்த 3.40 அப்பாவுக்கு இப்போது கிடைக்கிற விகிதமாக இருந்தால், அதிலிருந்து எவ்வளவு கூடும் என்பது நிஜமான கேள்வி. 3.40 அவருக்குச் சம்பந்தமில்லாத வங்கியாக இருந்தால், நீங்கள் சொல்வது சரி, நானும் சும்மா ஒரு இடத்தில் வெட்டியவன்தான்.

அப்பாவின் இப்போதைய எஃப்டி எவ்வளவு தம்பி? அதை நாம் யாரும் இதுவரை கேட்கவேயில்லை.

ஆயர்ஈத்தாம் பையன் · 9 நவம்பர், காலை 10.45

3.50.

கறிமீ சம்பால் · 9 நவம்பர், காலை 10.46

😂😂

பட்டர்வொர்த் மாமா · 9 நவம்பர், காலை 11.05

அப்போது 25 வெள்ளி. கார் எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, 25 வெள்ளி. ஆனால் முதிர்ந்த பிறகு அதே 3.50 புதுப்பித்துத் தருவார்களா என்று கேளுங்கள். ஜூலையில் பேங்க் நெகாரா, அடிப்படை வட்டியான ஓபிஆரை 3.00இலிருந்து 2.75க்கு இறக்கியது. அதற்கு முன் போட்ட எஃப்டி என்றால் புதுப்பிக்கும்போது குறைவாக வர வாய்ப்பு உண்டு. ஒப்பிட வேண்டிய எண் 3.50 இல்லை, இனிமேல் அவர்கள் தரப்போவது.

கறிமீ சம்பால் · 9 நவம்பர், காலை 11.12

ஓபிஆரையும் 2.50இல் தொடங்கிப் பட்டை போடுங்கள். வட்டி பாதியாகக் குறைந்தது என்று தலைப்பு வைக்கலாம். வீட்டுக்கடன்காரர்கள் பட்டாசு வெடிப்பார்கள்.

ஆயர்ஈத்தாம் பையன் · 9 நவம்பர், இரவு 8.50

மாமா சொன்னபடி கேட்டேன். புதுப்பித்தால் 3.30தான் என்கிறார்கள். ஆக மாற்றினால் 125 வெள்ளி கூட. துண்டறிக்கையில் இருக்கிற இரண்டு சாம்பல் பட்டையும் எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்பா முதல் நாளே "மாத்திடலாம்" என்றார், தப்பான காரணத்துக்குச் சரியான முடிவு எடுத்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னால் அடுத்த துண்டறிக்கையையும் நம்புவார்.

செந்தூல் வாத்தியார் · 9 நவம்பர், இரவு 9.30

சொல்லாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் · 10 நவம்பர், காலை 6.40

எங்கள் தொழிற்சாலையில் இதே சங்கதி வேறு வேஷத்தில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. இரண்டு லைன் ஓடுகிறது. ஒன்றில் தேறுகிற போர்டு 98.2 விழுக்காடு, இன்னொன்றில் 98.9. சுழியத்திலிருந்து பட்டை போட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மேலாளர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதனால் ஒரு பொறியாளர் 98இல் தொடங்கி வரைந்தார். ஒரு பட்டை 0.2, இன்னொன்று 0.9, நாலரை மடங்கு. இது நிஜத்தைவிட மிக அதிகம், ஆனால் அவருடைய ஆத்திரம் நியாயமானது. சுழியத்திலிருந்து வரைந்த படம் உண்மையான ஒரு பிரச்சினையை மூடிவிடுகிறது.

வழி என்னவென்றால் தேறியதை வரையாமல் தேறாததை வரைவது. 1.8, 1.1. இதற்குச் சுழியம் இயல்பாகவே இருக்கிறது, ஒரு போர்டும் கெடவில்லை என்பதுதான் சுழியம். அச்சை வெட்ட வேண்டிய அவசியமே வராது. இரண்டாவது லைனில் கழிவு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவு என்று பட்டையே சொல்லும். மாதம் இரண்டு லட்சம் போர்டு என்றால் 3,600 போர்டுக்குப் பதில் 2,200. நூறை ஒட்டி நிற்கிற எந்த விழுக்காட்டுக்கும் இதை முயன்று பார்க்கலாம். தேர்ச்சி விழுக்காடு, சர்வர் ஓடிய நேரம் எல்லாம் அப்படித்தான்.

எஃப்டிக்கு இது செல்லாது. 3.55க்கு மறுபக்கம் 96.45 என்று ஒன்று இல்லை.

செந்தூல் வாத்தியார் · 10 நவம்பர், மதியம் 12.10

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டியூஷன் நிலையக்காரன் தேர்ச்சி 92இலிருந்து 94 ஆனதை "தோல்வி கால்வாசி குறைந்தது" என்று போஸ்டர் ஒட்டுவான். நூறு பேர் படித்த இடத்தில் எட்டுப் பேர் ஆறு பேரானார்கள், இரண்டு பையன்கள். அதற்கு என்ன செய்வீர்கள்?

பாயான் லெப்பாஸ் · 10 நவம்பர், மாலை 7.55

பட்டைக்குப் பக்கத்தில் தலை எண்ணிக்கையைப் போடச் சொல்வேன், 8 பேர், 6 பேர் என்று. அடுத்த வருடம் அது 9 ஆனாலும் ஆச்சரியமில்லை. அதற்கு அச்சில் மருந்து இல்லை ஐயா, அது வேறு வியாதி.

நிறக்கோல் · 10 நவம்பர், இரவு 10.30

உங்கள் மேலாளரிடம் தேறாத போர்டுகள் படத்தைக் காட்டிவிட்டீர்களா?

பாயான் லெப்பாஸ் · 11 நவம்பர், காலை 7.10

நேற்றுக் காட்டினோம். நாலு மாதப் பட்டை வரிசையாக இறங்கிக்கொண்டே வருகிறது. பார்த்துவிட்டு, "ஏன் எல்லாம் கீழே போகுது?" என்று கேட்டார். இறங்கினால் நல்லது என்று விளக்கக் கால் மணி நேரம் ஆனது. அடுத்த மாதம் பட்டைக்கு மேலே அம்புக்குறி போட்டுக் "குறைந்தால் நல்லது" என்று எழுதச் சொல்லியிருக்கிறார், சிவப்பில்.

கறிமீ சம்பால் · 11 நவம்பர், காலை 7.14

சிவப்பில் எழுதினால் இன்னொரு கூட்டம் போட வேண்டியிருக்கும். பச்சையில் எழுதுங்கள்.